முப்பது என்று எழுதிய குழந்தை என்ன நினைத்தது?

லெசன் ஸ்டடி என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி பழைய மாதிரிப் பாடம்தான் என்ற எண்ணம் என்னைவிட்டுப் போவதாக இல்லை. நாலைந்து ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். அட்டைகள், படங்கள், பயிற்சித்தாள் எல்லாம் தயாராகின்றன. குழுவில் தைரியமான ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் கடைசி வரிசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். முடிந்ததும் கைதட்டல். பிறகு "நல்லா இருந்துச்சு சார், அந்த அட்டையை மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா வெச்சிருக்கலாம்", "கடைசியில நேரம் பத்தல" என்று ஆளுக்கொரு கருத்து. அட்டையைப் பெரிதாக்கி அடுத்த பிரிவில் மறுபடி நடத்துகிறார்கள். சேர்ந்து திட்டமிட்டாயிற்று, பார்த்தாயிற்று, திருத்தியாயிற்று. சடங்கில் ஒன்றும் குறையில்லை. ஆனால் குழந்தைகள் அந்தப் பாடத்தை எப்படி யோசித்தார்கள் என்று குழுவில் யாரையாவது கேட்டால், "ஆர்வமா இருந்தாங்க" என்பதைத் தாண்டிப் பதில் வராது.

ஜப்பானிய ஆசிரியர்கள் 'ஜுக்யோ கென்க்யூ' என்று நூறாண்டுக்கும் மேலாகச் செய்துவரும் வேலைதான் லெசன் ஸ்டடி. 1999-இல் ஸ்டிக்லர், ஹீபர்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்களின் நூல் வெளிவந்த பிறகு மற்ற நாடுகளின் கவனம் பெரிய அளவில் இதன்மேல் திரும்பியது. போன இடமெல்லாம், திட்டமிட்டு, நடத்திப் பார்த்து, பேசி, திருத்தும் சுழற்சியின் வெளி வடிவம் எளிதாகப் பரவியது. பின்தங்கிப்போன பகுதி ஒன்று உண்டு என்றால், பாடக்குறிப்பின் நடுவில் இருக்கும் ஒரு பத்தியைத்தான் சொல்வேன். ஜப்பானியப் பாடக்குறிப்பில் பெரும்பாலும் அட்டவணை வடிவில் மூன்று நான்கு பத்திகள் இருக்கும். முதலாவதில் ஆசிரியர் கேட்கப்போகும் கேள்வியும் செயல்பாடும். இரண்டாவதில் அந்தக் கேள்விக்குக் குழந்தைகளிடமிருந்து வரக்கூடிய பதில்கள், தவறானவையும் சேர்த்து. அடுத்து, ஒவ்வொரு பதிலுக்கும் ஆசிரியர் என்ன செய்வார் என்பது. கடைசியில், புரிந்ததா என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது. இவற்றில் அந்த இரண்டாவது பத்தி காலியாகவோ, 'மாணவர்கள் விடை கூறுவர்' என்ற ஒற்றை வரியோடோ இருந்தால் சுழற்சியின் மற்ற பாகங்கள் எதுவும் சரியாகச் சுழலாது. ஏன் என்பதை ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.

பாடம்: ஐந்தாம் வகுப்பு, இணைகரத்தின் பரப்பளவு. செவ்வகத்தின் பரப்பளவு குழந்தைகளுக்குத் தெரியும். முக்கோணத்தின் பரப்பளவு இன்னும் நடத்தவில்லை. பாடவேளை 45 நிமிடம். குழுவில் ஐந்து பேர், இரண்டு பிரிவுகள். முதல் பிரிவில் ஒருவர் நடத்த, திருத்திய பாடத்தை இரண்டாவது பிரிவில் வேறொருவர் நடத்துவதாக ஏற்பாடு. நானே கட்டிய உதாரணம்தான் இது என்றாலும், இதில் வரும் தவறுகள் எந்த வகுப்பிலும் எதிர்பார்க்கக்கூடியவை.

எண்ணைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை

குழுவின் முதல் கூட்டம் பெரும்பாலும் 'எப்படி நடத்தலாம்' என்பதில்தான் தொடங்கும். அதை ஒத்திப்போட்டு, குழந்தையின் கையில் எந்தப் படத்தைக் கொடுக்கப்போகிறோம் என்று கேட்க வேண்டும். அடிப்பக்கம் 6 செ.மீ., சாய்ந்த பக்கம் 5 செ.மீ., உயரம் 4 செ.மீ. கொண்ட ஓர் இணைகரத்தை வைத்துக்கொள்வோம். மேல் பக்கம் கீழ்ப் பக்கத்தைவிட 3 செ.மீ. வலப்புறம் தள்ளி நிற்கும். மூன்று, நான்கு, ஐந்து என்று பக்கங்கள் முழு எண்களாக அமையும் செங்கோண முக்கோணம் உள்ளே ஒளிந்திருப்பதால் எல்லா நீளங்களும் முழு எண்கள். பரப்பளவு 24 சதுர செ.மீ. பக்கங்களைப் பெருக்கினால் 30, சுற்றளவைக் கண்டுபிடித்தால் 22. குழந்தை எழுதிய விடையைப் பார்த்தே அது எந்த வழியில் வந்தது என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். இதற்காகத்தான் எண்களோடு இவ்வளவு மல்லுக்கட்டுவது. அடிப்பக்கம் 6, உயரம் 5, சாய்ந்த பக்கம் ஐந்தரைக்குப் பக்கத்தில் என்று வைத்திருந்தால், அளவில் ஒரு சிறு பிசகு நேர்ந்தாலே சரியான வழியும் தவறான வழியும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

அடுத்த தகராறு, படத்தை எந்தத் தாளில் கொடுப்பது என்பது. கட்டம் போட்ட தாளில் கொடுத்தால் குழந்தைகள் கட்டங்களை எண்ணுவார்கள், உயரம் தானாகவே கோடாகத் தெரியும், யாரும் 30 என்று எழுத மாட்டார்கள். பாடம் வழுக்கிக்கொண்டு போகும். வெற்றுத்தாளில் படத்தைக் கொடுத்து 6, 5 என்று இரண்டு நீளங்களை மட்டும் எழுதினால், கிடைத்த இரண்டையும் பெருக்கு என்று நாமே சொல்லிக்கொடுத்ததுபோல் ஆகும். 6, 5, 4 மூன்றையும் எழுதி உயரத்துக்குப் புள்ளிக்கோடும் போட்டுவிட்டால், 'எதற்காகவோ கோடு போட்டிருக்கிறார்கள், அதைப் பெருக்குவோம்' என்று குழந்தை ஊகித்துவிடும். நான்காவது வழி ஒன்று இருக்கிறது: படத்தில் எண்ணே எழுதாமல் அளவுகோலையும் கத்தரிக்கோலையும் கொடுத்துவிடுவது. அப்போது எந்த நீளத்தை அளப்பது என்பதைக் குழந்தையே தீர்மானிக்க வேண்டியிருக்கும். அளவுகோலை எங்கே வைக்கிறது என்று பார்த்தால், அது என்ன யோசிக்கிறது என்பது பார்வையாளருக்குத் தெரியும்.

இதில் ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. பிரிண்டரும் ஜெராக்ஸ் இயந்திரமும் பக்கத்தில் பொருந்துவதற்காகப் படத்தைச் சுருக்கிவிடும். 6 செ.மீ. கோடு 5.8 ஆக அச்சாகும். பிறகு வகுப்பில் ஒரு குழந்தை 5.8-ஐ 3.9-ஆல் பெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தசமப் பெருக்கல் பாடமாக அது மாறிவிடும். நூறு சதவீத அளவில் அச்சிட வேண்டும். நகல் எடுத்த தாளில் ஒன்றை எடுத்து அளவுகோலால் அளந்து பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றை எடுக்க வேண்டும். வெட்டிக் கெடுப்பவர்களுக்காக ஒரு குழந்தைக்கு இரண்டு படம்.

காலியாக விடப்படும் பத்தி

இப்போது அந்த இரண்டாவது பத்திக்கு வருவோம். குழுவில் ஒவ்வொருவரும் பத்தாவது வயதில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அதே தாளில், அதே அளவுகோலால் தனித்தனியாகக் கணக்கைச் செய்து பார்க்க வேண்டும். பேசிக்கொண்டே செய்தால் எல்லோருக்கும் ஒரே வழிதான் வரும். பிறகு வழிகளைத் தொகுத்தால் ஏறக்குறைய இப்படி ஒரு பட்டியல் கிடைக்கும். இடப்பக்க முக்கோணத்தை வெட்டி வலப்பக்கம் ஒட்டி, ஆறுக்கு நான்கு செவ்வகமாக மாற்றுபவர்கள். முனையில் வெட்டாமல் நடுவில் எங்கேயோ செங்குத்தாக வெட்டி, துண்டுகளை இடம்மாற்றிச் சேர்ப்பவர்கள். இணைகரத்தைச் சுற்றி ஒன்பதுக்கு நான்கு பெரிய செவ்வகம் வரைந்து, 36-இலிருந்து இரு மூலை முக்கோணங்களையும் சேர்த்த 12-ஐக் கழிப்பவர்கள். மூலைவிட்டம் வரைந்து இரண்டு முக்கோணமாக்கிவிட்டு, அதற்குமேல் போகத் தெரியாமல் நிற்பவர்கள். சுற்றளவைக் கண்டுபிடித்து 22 என்பவர்கள். பக்கத்தைப் பக்கத்தால் பெருக்கி 30 என்பவர்கள்.

பட்டியல் வந்ததும் குழுவுக்கு ஒரு நிம்மதி வரும். இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஒவ்வொரு வழிக்கும் பக்கத்தில் 'ஏன் இப்படிச் செய்கிறது?' என்று ஒரு வரி எழுத வேண்டும். சரியான வழிகளுக்கு அது சுலபம். 30-க்குப் பக்கத்தில் என்ன எழுதுவது? நம் குழு 'செவ்வகச் சூத்திரத்தை யோசிக்காமல் போட்டுவிடுகிறது' என்று எழுதுகிறது. அடுத்த பத்தியில், ஆசிரியர் செய்ய வேண்டியது: 'இது செவ்வகமா என்று நினைவூட்டுக. வெட்டி ஒட்டியவர்களின் விடையைக் காட்டுக.' நியாயமாகத்தான் படுகிறது. பெரும்பாலான ஆசிரியர்கள் இதைத்தான் எழுதுவார்கள். இந்த வரி தவறு என்பது பாடம் நடக்கும்போதுதான் தெரியப்போகிறது. எழுதி வைத்திருந்ததால்தான் அதுவும் தெரியப்போகிறது.

கரும்பலகைக்கும் முன்னதாகவே ஒரு திட்டம் வேண்டும். ஒரு தாளில் பலகையை வரைந்து, கேள்வி எங்கே, 30 என்ற விடை எங்கே, வெட்டி ஒட்டியது எங்கே, பெரிய செவ்வக வழி எங்கே என்று குறித்துக்கொள்வது. பாடம் முடியும்வரை எதையும் அழிப்பதில்லை. 30-ஐ அழித்துவிட்டு 24-ஐ எழுதினால், 30 என்று சொன்ன குழந்தைக்குத் தன் யோசனை எங்கே போனது என்றே தெரியாது.

பின்வரிசையில் நாற்காலி போடாதீர்கள்

பார்வையாளர்கள் வகுப்பின் பின்னால் உட்கார்ந்தால் கண்ணில் படுவது முப்பது தலைகளின் பின்பக்கமும் ஆசிரியரின் முகமும்தான். பிறகு ஆசிரியரைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவார்கள்? நிற்க வேண்டிய இடம் பக்கவாட்டுச் சுவர் ஓரம், குழந்தையின் நோட்டும் கையும் தெரியும் தூரம். ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று குழந்தைகள், முன்னதாகவே தீர்மானித்து, இருக்கை வரைபடத்தில் குறித்துக் கொடுத்துவிட வேண்டும். கையைத் தூக்கும் குழந்தைகளாகப் பொறுக்கக் கூடாது. கணக்கில் வேகமானவர், நடுவில் இருப்பவர், தடுமாறுபவர் என்று கலந்திருந்தால்தான் பட்டியலில் எழுதிய வழிகள் உண்மையில் எங்கே வருகின்றன என்று தெரியும். வகுப்பு முழுவதையும் பார்க்கிறேன் என்று சுற்றிக்கொண்டே இருப்பவரின் குறிப்பேட்டில் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது.

பார்வையாளர் பேசக் கூடாது, விரலால்கூடச் சுட்டிக்காட்டக் கூடாது. ஆசிரியராக இருப்பவருக்கு இதைப்போலக் கஷ்டமான காரியம் வேறில்லை. குழந்தை தவறான இடத்தில் அளவுகோலை வைக்கும்போது கை பரபரக்கும். உதவிவிட்டால், அந்தக் குழந்தை அடுத்து என்ன செய்திருக்கும் என்பதை நாம் என்றைக்கும் அறிய முடியாது. குழந்தையே திரும்பிக் கேட்டால், "உங்க டீச்சர்கிட்ட கேளுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டு, அது கேட்டதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

குறிப்பு எழுதுவதில் ஒரே கட்டுப்பாடு: நேரமும், கண்ணால் கண்டதும், காதால் கேட்டதும் மட்டும். 'குழப்பமடைந்தாள்' என்று எழுதினால் அது பார்வையாளரின் தீர்ப்பாகிவிடும். நம் வகுப்பில் ஜன்னலோரம் நின்றவரின் குறிப்பிலிருந்து சில வரிகள்:

10:09 – கீழ்ப் பக்கத்தை அளக்கிறாள். 6 என்று எழுதுகிறாள். சாய்ந்த பக்கத்தை அளக்கிறாள். 5.
10:11 – 6 × 5 = 30. பேனாவை மூடுகிறாள்.
10:13 – பக்கத்துப் பையன் 24 என்கிறான். இவள் இரண்டு பென்சிலை எடுத்துச் சாய்ந்த பக்கங்களின் மேல் வைக்கிறாள். இரண்டையும் சேர்த்து நிமிர்த்துகிறாள். "பாரு, சாஞ்சிருக்குறத நிமித்துனா செவ்வகம்தானே? ஆறஞ்சு முப்பது."
10:14 – பையன் பதில் சொல்லவில்லை. தன் துண்டுகளைக் காட்டுகிறான்.
10:31 – ஆசிரியர் பலகையில் வெட்டி ஒட்டியதை விளக்குகிறார். இவள் நோட்டில் 24 என்றும் எழுதுகிறாள். 30-ஐ அடிக்கவில்லை.

சுழற்சி திரும்பும் இடம்

கலந்துரையாடலை அன்றே, குழந்தைகளின் தாள்கள் மேசையில் கிடக்கும்போதே வைத்துக்கொள்வது நல்லது. ஒரு மணி நேரம், அதிகம் போனால் ஒன்றரை. நடத்திய ஆசிரியர் முதலில் பேசுவார். தன் தடுமாற்றங்களை அவரே சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதைச் சுட்டிக்காட்டும் சங்கடம் மிஞ்சாது. அடுத்து உடன் திட்டமிட்டவர்கள், பிறகு வெளியிலிருந்து வந்த பார்வையாளர்கள், கடைசியில் பாடப்பொருளில் ஆழம் உள்ள ஒருவர். 'உங்க பாடம்' என்று யாரும் சொல்லக் கூடாது. திட்டமிட்டது எல்லோரும் சேர்ந்துதானே. உரையாடல் சரியாகப் போகிறதா என்று அறிய ஒரு சின்னச் சோதனை உண்டு. சொல்லப்படும் வாக்கியங்களில் எழுவாய் யார் என்று கவனியுங்கள். 'டீச்சர் கேட்டாங்க', 'டீச்சர் காட்டினாங்க' என்றே வந்துகொண்டிருந்தால், தலைமை தாங்குபவர் நிறுத்தி, "அப்போ உங்க குழந்தை என்ன செஞ்சுது?" என்று கேட்க வேண்டும்.

நம் குழுவில் முதல் இருபது நிமிடம் நேரத்தைப் பற்றியே போகிறது. அறிமுகத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியது பன்னிரண்டாகிவிட்டது. வெட்டி ஒட்டியதில் பத்து நிமிடம் கூடுதலாயிற்று. வழிகளை ஒப்பிட்டுப் பேச இருந்த பதினைந்து நிமிடம் ஆறாகச் சுருங்கிவிட்டது. இது அநேகமாக எல்லா முதல் சுற்றிலும் நடக்கும். 'முன்கூட்டியே வெட்டிக் கொடுத்துவிடலாம்' என்ற யோசனையும் தவறாமல் வரும். குழு இதை ஒப்புக்கொண்டு எழுந்திருந்தால் சுழற்சி அங்கேயே மாதிரிப் பாடமாக முடிந்துபோயிருக்கும். முன்கூட்டி வெட்டிய துண்டுகளைக் கொடுத்தால் எங்கே வெட்டுவது என்ற யோசனையே குழந்தைக்கு வேண்டியிருக்காது. பாடம் நேரத்துக்கு முடியும், அவ்வளவுதான்.

பிறகு ஜன்னலோரம் நின்றவர் தன் குறிப்பைப் படிக்கிறார். பென்சில்களை நிமிர்த்தியது என்ற இடம் வந்ததும், பாடக்குறிப்பில் 30-க்குப் பக்கத்தில் எழுதியிருந்த 'யோசிக்காமல்' என்ற வார்த்தையை எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தப் பெண் யோசித்திருக்கிறாள். சாய்வதால் வடிவம் மாறுகிறதே தவிர அளவு மாறுவதில்லை என்பது அவளுடைய வாதம். பக்கங்களின் நீளம் மாறவில்லை, ஆகவே உள்ளே இருக்கும் இடமும் மாறவில்லை. வெட்டி ஒட்டிக் காட்டியது இந்த வாதத்தைத் தொடவே இல்லை. 24 வரும் ஒரு வழியை அது காட்டியதே தவிர, 30 ஏன் வராது என்பதற்கு ஒரு பதிலும் சொல்லவில்லை. அவள் இரண்டையும் நோட்டில் வைத்துக்கொண்டது சரிதான்.

பாட முடிவில் கொடுத்த ஒற்றைக் கேள்வியும் இதையே காட்டுகிறது. ஒரே அடிப்பக்கம், ஒரே உயரம். ஒன்று கொஞ்சம் சாய்ந்தது, மற்றது நிறையச் சாய்ந்தது. எதன் பரப்பளவு பெரியது, அல்லது இரண்டும் சமமா? 24 என்று சரியாக எழுதியவர்களிலேயே சிலர், நிறையச் சாய்ந்ததுதான் பெரியது என்று எழுதியிருக்கிறார்கள். சாய்ந்த பக்கம் நீளமாக இருக்கிறதே! விடை சரியாக வந்தும், உயரம் என்பது என்ன என்று பிடிபடவில்லை. இந்தத் தாள்கள் இல்லாவிட்டால், பெரும்பாலோர் 24 எழுதினார்கள், பாடம் வெற்றி என்றுதான் குழு முடிவு கட்டியிருக்கும்.

எதைத் திருத்துவது

இனித் திருத்தம். ஆசை மிகுதியில் எட்டு மாற்றங்களைச் செய்துவிடுவது குழுக்களின் வழக்கம். பிறகு இரண்டாவது வகுப்பில் நடப்பது எதனால் நடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றோ இரண்டோ போதும். ஒவ்வொன்றுக்கும் 'இந்தக் குழந்தை இப்படிச் செய்ததால் இதை மாற்றுகிறோம், இனி இப்படி நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம்' என்று எழுதி வைக்க வேண்டும்.

நம் குழு எடுக்கும் முக்கிய முடிவு, 30-ஐத் தவறான விடைகளின் மூலையிலிருந்து எடுத்துக் கலந்துரையாடலின் நடுவில் வைப்பது. அதற்கு ஒரு பொருள் வேண்டும்: நான்கு அட்டைப் பட்டைகளை முனைகளில் பொத்தான் ஆணியால் இணைத்த சட்டகம். பலகையில் எல்லோருக்கும் தெரிய, தாளில் உள்ளதைப் போல ஐந்து மடங்கு, அதாவது 30 செ.மீ.க்கு 25 செ.மீ. இதைச் செய்யும்போது பட்டையின் மொத்த நீளத்தை அளக்கக் கூடாது. ஒரு ஓட்டையின் மையத்திலிருந்து மறு ஓட்டையின் மையம் வரைதான் கணக்கு. பட்டையை 30-க்கு வெட்டி, அதற்குள் ஓட்டை போட்டால், ஓட்டைகளுக்கு நடுவே 28 தான் இருக்கும். குழந்தைகள் அளந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆணி ரொம்ப இறுக்கமாக இருந்தால் சட்டகம் சாயாது, ரொம்பத் தளர்ந்தால் நிற்காது. தடித்த அட்டையாக இருந்தால் நல்லது.

செவ்வகமாக நிற்கும்போது உள்ளே 750 சதுர செ.மீ. மேல் பட்டையைப் பக்கவாட்டில் 15 செ.மீ. தள்ளினால் உயரம் 25-இலிருந்து 20 ஆகிறது. தாளில் உள்ள இணைகரத்தின் அதே வடிவம். இன்னும் தள்ளிக்கொண்டே போனால் மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் ஏறக்குறைய ஒட்டிக்கொள்ளும், உள்ளே இடமே இருக்காது. நான்கு பட்டைகளில் ஒன்றுகூட ஒரு மில்லிமீட்டர் குறையவில்லை. 'நிமிர்த்தினால் செவ்வகம்' என்று சொன்ன குழந்தைக்கு அவள் வாதத்திலேயே பதில் கிடைக்கிறது: நிமிர்த்தலாம், ஆனால் நிமிர்த்தும்போது உள்ளே இருக்கும் இடம் பெரிதாகிறது.

எப்போது காட்டுவது என்பதில் குழு கவனமாக இருக்க வேண்டும். அறிமுகத்திலேயே சட்டகத்தை ஆட்டிக் காட்டினால் 30 என்று யாரும் எழுத மாட்டார்கள்; அந்த யோசனை மட்டும் பத்திரமாக உள்ளேயே இருக்கும். ஆகவே குழந்தைகள் தனியாக யோசித்து முடித்து, 30 என்றவர் தன் காரணத்தைப் பலகைக்கு வந்து சொன்ன பிறகுதான் சட்டகம் வெளியே வரும். அதுவும் உடனே ஆட்டாமல், "இன்னும் தள்ளினா உள்ள இருக்குற இடம் என்ன ஆகும்? கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா?" என்று கேட்டு, ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிய பிறகு.

இரண்டாவது மாற்றம் நேரம். அறிமுகத்தில் செவ்வகம், சதுரம் எல்லாவற்றையும் மீள்பார்வை செய்த பகுதி முழுவதும் போகிறது. படத்தைக் காட்டி, "இதுக்குள்ள எவ்வளவு இடம் இருக்கு?" என்று கேட்டு, நேராக வேலைக்குப் போய்விடலாம். கத்தரிக்கோலும் தாள்களும் இடைவேளையிலேயே மேசைக்கு வந்துவிடும். வெட்டுவது குழந்தைகளின் கையில்தான் இருக்கும்.

இரண்டாவது முறை

மறுபடி நடத்துவது கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள். ஜப்பானிலேயே பல பள்ளிகளில் ஒருமுறை நடத்தி, பேசி, எழுதி முடித்துவிடுவது உண்டு. மறுபடி நடத்துவதானால் வேறு பிரிவில்தான் நடத்த வேண்டும். அதே குழந்தைகளுக்கு அதே பாடம் என்றால் அது ஒத்திகை. 'நல்ல பிரிவா' பார்த்து எடுப்பதும், முதல்நாளே கொஞ்சம் சொல்லிவைப்பதும் சுழற்சியை வீணாக்கும் நிச்சயமான வழிகள். இரண்டு பிரிவுகளும் வேறு, நடத்துபவரும் வேறு என்பதால், இரண்டாவது முறையில் நன்றாக வந்துவிட்டால் திருத்தம்தான் காரணம் என்று நிரூபித்ததாகவும் ஆகாது. எழுதிவைத்த எதிர்பார்ப்பு நடந்ததா, இல்லையா என்பதை மட்டுமே சரிபார்க்க முடியும். நடத்துபவர் மாறுவதில் ஒரு லாபம் உண்டு: பாடக்குறிப்பில் எழுதாமல் முதல் ஆசிரியரின் தலைக்குள்ளேயே இருந்தவை எவை என்று தெரிந்துவிடும்.

நம் இரண்டாவது வகுப்பில் சட்டகத்தைத் தள்ளும் முன் எழுதச் சொன்னபோது, பெரும்பாலோர் 'அப்படியே இருக்கும்' என்று எழுதுகிறார்கள். 24 கண்டுபிடித்தவர்களில் சிலரும்கூட. பட்டைகள் ஏறக்குறைய ஒட்டிக்கொள்ளும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு. ஒரு பையன், "பக்கம் அப்படியே இருக்கு, நடுவுல இருக்குற தூரம்தான் கொறையுது" என்கிறான். ஆசிரியர் அதை அவன் வார்த்தைகளிலேயே பலகையில் எழுதுகிறார். 'உயரம்' என்ற சொல் அதற்குப் பிறகுதான் வருகிறது. இறுதிக் கேள்வியில், நிறையச் சாய்ந்ததே பெரியது என்பவர்கள் குறைகிறார்கள். முற்றாக மறையவில்லை.

புதிதாக ஒன்றும் முளைத்திருக்கிறது. ஒரு பார்வையாளரின் குறிப்பில், பாடம் முடியும் நேரத்தில் ஒரு குழந்தை தாளைத் திருப்பி, 5 செ.மீ. பக்கம் கீழே வருமாறு வைத்துக்கொண்டு, "இப்போ உயரம் எது?" என்று பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டதாக இருக்கிறது. அவள், "அதேதான், நாலு" என்கிறாள். ஐந்து நான்கு இருபது என்று எழுதிவிட்டு, 24 எங்கே போனது என்று இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். சட்டகத்தில் கீழ்ப் பட்டை எப்போதும் அசையாமல் இருந்ததால், உயரம் என்பது படத்துக்கே உரிய ஒரே நீளம் என்ற எண்ணத்துக்கு நம் திருத்தமே இடம் கொடுத்திருக்கலாம். முதல் வகுப்பில் யாரும் தாளைத் திருப்பியதாகக் குறிப்பு இல்லை. அங்கே இந்தக் கேள்வி எழும் அளவுக்கு உயரத்தைப் பற்றிப் பேச்சே நடக்கவில்லை.

5 செ.மீ. பக்கத்தை அடியாக வைத்தால் உயரம் 4.8 செ.மீ. அளவுகோலால் அளந்து, ஐந்தால் பெருக்கினால் அதே 24 வரும். குழு தன் அறிக்கையில் திருத்திய பாடக்குறிப்பை இணைக்கிறது. அதோடு, 30-க்கு எழுதியிருந்த பழைய காரணத்தையும் அடிக்காமல் அப்படியே வைத்து, பக்கத்தில் கண்டதை எழுதுகிறது. அடுத்த பாடவேளைக்கான குறிப்பின் முதல் வரியாக, தாளைத் திருப்பிவைத்துத் தொடங்குக என்று எழுதி, அந்தக் கேள்விக்கு வரக்கூடிய பதில்களை யூகிக்க மறுபடி உட்காருகிறது.